பிறந்தபோது 17, இப்போது 10.8: குழந்தையின் ரத்த அறிக்கையை யாருடைய அளவுகோலில் பார்ப்பது?

வாசகர் கேள்வி

"என் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். எடை பத்தரைக் கிலோ. போன வாரம் சளியோடு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 10.8, வெள்ளை அணுக்கள் 13,400, லிம்போசைட் 58 சதவீதம், நியூட்ரோபில் 34 சதவீதம், பிளேட்லெட் 4.6 லட்சம் என்று வந்தது. மொத்தம் ஒன்பது வரிகள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. பிறந்தபோது இவளுக்கு ஹீமோகுளோபின் 17.2 என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்து, வெள்ளை அணுவும் லிம்போசைட்டும் கூடினால் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கலாம் என்கிறார் கணவர். மாதுளம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்தால் ரத்தம் ஊறிவிடும் என்கிறார் மாமியார். நான் கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை வீட்டில் மீதம் இருக்கிறது. அதில் பாதியைப் பொடித்துக் கொடுக்கலாமா? இப்போது காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள். சோறுதான் இறங்குவதில்லை. பால் மட்டும் நாளுக்கு நான்கைந்து பாட்டில் குடிப்பாள். அறிக்கையை இணைத்திருக்கிறேன்."

குழந்தைநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மூன்று எண்களும் சேர்ந்து ரத்தப் புற்றுநோயைக் காட்டவில்லை. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் லிம்போசைட் சதவீதமும் உங்கள் மகளின் வயதுக்கு முற்றிலும் இயல்பானவை. ஆனால் அதே தாளில், நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லாத இரண்டு வரிகள் எனக்கு உறுத்துகின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தத் தாளில் இத்தனை வரிகள் ஏன் தடித்த எழுத்தில் வந்தன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

அச்சிட்ட எல்லை யாருடையது?

அறிக்கையின் வலது ஓரத்தில் இருக்கும் பத்தியைப் பாருங்கள். ஹீமோகுளோபினுக்கு நேரே 12 முதல் 15 வரை, வெள்ளை அணுக்களுக்கு நேரே 4,000 முதல் 11,000 வரை, லிம்போசைட்டுக்கு நேரே 20 முதல் 40 வரை என்று இருக்கிறது. இவை வயதுவந்த ஒரு பெண்ணுக்கு உரிய எல்லைகள். தாளின் மேல்பக்கத்தில் வயது என்ற இடத்தில் "1" என்று பதிவாகியிருந்தாலும், அந்த லேபின் கணினி ஆணா பெண்ணா என்பதை மட்டும் பார்த்து எல்லையைப் போட்டிருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே விழுந்த எண்ணையெல்லாம் அது தானாகவே தடித்த எழுத்தாக்கிவிடும். எந்த மருத்துவரும் உட்கார்ந்து பார்த்து இது நோய் என்று முடிவு செய்து போட்ட குறி அல்ல அது.

இப்படி ஓர் எல்லையை எப்படி வகுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலத்தோடு இருக்கும் பலரிடம் ரத்தம் எடுத்து, அளவுகளை வரிசைப்படுத்தி, இரு ஓரங்களிலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை "இயல்பு" என்று அழைப்பார்கள். எனவே எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் எப்போதும் இந்த எல்லைக்கு வெளியேதான் நிற்பார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த வரிசையில் நின்றவர்கள் யார் என்பதைப் பொறுத்தே எல்லை அமைகிறது. வரிசையில் நின்றவர்கள் முப்பது வயதுக்காரர்கள் என்றால், ஒரு வயது பத்து மாதக் குழந்தையை அதில் கொண்டுபோய் நிறுத்துவது, அம்மாவின் சுடிதாரை அவளுக்குப் போட்டுப் பார்த்து அளவு சரியில்லை என்று கவலைப்படுவதைப் போன்றது.

பதினேழிலிருந்து இறங்கிய கணக்கு

பிறந்தபோது இருந்த 17.2 உங்கள் மனதில் ஓர் அடையாளக் கல்லாக நின்றுவிட்டது. அங்கிருந்து எவ்வளவு இறங்கினாலும் அதை நீங்கள் இழப்பாகவே பார்க்கிறீர்கள். ஆனால் அந்த 17.2 என்பது கருப்பைக்குள் வாழ்வதற்காகச் சேர்த்து வைத்த அளவு. கருவுக்கு ஆக்சிஜன் வருவது நுரையீரல் வழியாக அல்ல, தொப்புள்கொடி வழியாக. அந்த ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் உங்கள் ரத்தக்குழாயில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இருப்பது குறைவு என்பதால், அதைப் பிடித்துச் சுமக்க அதிக ஹீமோகுளோபினை உடல் செய்துகொள்கிறது.

குழந்தை பிறந்து முதல் மூச்சு விட்டதும் நிலைமை தலைகீழாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்துவிடுவதால், சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய நின்றுபோகிறது. எலும்பு மஜ்ஜை சில வாரங்களுக்கு ஓய்வெடுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் சிவப்பணுக்களோ நம்முடையதைப் போல 120 நாள் வாழ்வதில்லை. அவற்றின் ஆயுள் 60 முதல் 90 நாள்தான். இதற்கிடையில் குழந்தை வளர்கிறது, ரத்தத்தின் மொத்த அளவும் பெருகுகிறது. இவை எல்லாம் சேர்ந்து, நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஹீமோகுளோபின் பத்துக்குப் பக்கத்தில், சில நேரம் ஒன்பதரைக்குக்கூட இறங்கிவிடும். அந்த வயதில் உங்கள் மகளுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் நீங்கள் பயப்படவும் இல்லை. அதன்பின் எரித்ரோபாய்டின் மறுபடி சுரந்து, உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. உடைந்த பழைய அணுக்களிலிருந்து வந்த இரும்பு வீணாவதில்லை. உடல் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு மாதம் வரை அதிலேயே காலம் தள்ளுகிறது. இந்தச் சேமிப்பை நினைவில் வையுங்கள்; இதற்குத் திரும்பி வருவோம்.

மீண்டும் ஏறத் தொடங்கிய ஹீமோகுளோபின் ஏன் நம் அளவுக்கு வருவதில்லை என்று கேட்கலாம். வளரும் எலும்புக்காகக் குழந்தையின் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு நம்மைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் சிவப்பணுவுக்குள் 2,3-டிபிஜி என்ற பொருளும் கூடுகிறது. இந்தப் பொருள்தான் ஹீமோகுளோபினைத் தன் கையிலுள்ள ஆக்சிஜனைத் திசுக்களிடம் இறக்கிவிட வைக்கிறது. ஒவ்வொரு நடையிலும் கூடுதலாகச் சரக்கு இறக்கும் வண்டி இருந்தால், குறைவான வண்டிகளே போதும். குழந்தைக்குப் பதினொன்றரை போதுமாக இருப்பதற்கு முக்கியமான காரணமாக இதைச் சொல்கிறோம். பன்னிரண்டு வயது வரை ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. பருவம் எய்தியபின் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதால் ஹீமோகுளோபினும் ஏறுகிறது.

அப்படியானால் ரத்தசோகை என்று எங்கே கோடு கிழிப்பது? உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் 11.0 என்ற ஒரே கோட்டை வைத்திருந்தது. 2024-இல் அதைத் திருத்தி, ஆறு மாதம் முதல் இரண்டு வயது நிறையும் வரை 10.5, இரண்டு முதல் ஐந்துக்குள் 11.0, ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5, பன்னிரண்டு முதல் பதினான்கு வரை 12.0 என்று பிரித்தது. இவற்றுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. உங்கள் மகளின் 10.8 இன்றைய கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்கு இரண்டு வயது நிறையும்போது இதே 10.8 கோட்டுக்குக் கீழே போய்விடும். ஒரே எண், பிறந்தநாளுக்கு முந்தைய நாள் இயல்பு, மறுநாள் ரத்தசோகை என்பது கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். கோடு என்பது வசதிக்காகப் போட்டது, உடல் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. ஆகவே 10.8 என்பதை "நலம்" என்றும் எழுதாமல் "நோய்" என்றும் எழுதாமல், ஓரத்தில் நிற்கிற எண் என்று எடுத்துக்கொண்டு மற்ற வரிகளைக் கேட்க வேண்டும். அண்மையில் வந்த காய்ச்சலும் ஹீமோகுளோபினைச் சற்று இறக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை அணுக்கள்: சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள்

பிறந்த முதல் நாளில் வெள்ளை அணுக்கள் முப்பதாயிரம் வரை இருந்தாலும் நாங்கள் பதறுவதில்லை. ஒரு வயதில் 6,000 முதல் 17,500 வரை, இரண்டு வயதில் 6,000 முதல் 17,000 வரை, ஆறு வயதில் 5,000 முதல் 14,500 வரை என்று இந்த எல்லை மெல்ல மெல்ல இறங்கி, இளமைப் பருவம் தாண்டித்தான் 11,000 என்ற மேல் எல்லைக்கு வந்து சேர்கிறது. 13,400 என்பது இதில் நடுவுக்குச் சற்று மேலே இருக்கும் எண். இன்னொன்றும் உண்டு: ஊசி குத்தும்போது குழந்தை எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, முகம் சிவக்கக் கத்தி அழுதிருப்பாள். அப்படி அழும்போது ரத்தக்குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் ஓட்டத்தில் கலந்து, எண்ணிக்கை அந்த நேரத்துக்குக் கூடிவிடும். எந்த நோயும் இல்லாமலேயே ஓராயிரம் ஈராயிரம் ஏறுவதை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை அணுக்களில் லிம்போசைட், நியூட்ரோபில் என்ற இரண்டு வகைகளும் நம் வாழ்நாளில் இரண்டு முறை இடம் மாறிக்கொள்கின்றன. பிறந்தவுடன் நியூட்ரோபில்தான் அதிகம். முதல் வாரம் முடிவதற்குள் லிம்போசைட் முந்திக்கொள்கிறது. நான்கு ஐந்து வயது வரை அதுவே பெரும்பான்மை. அதன்பிறகு நியூட்ரோபில் மறுபடி முந்தி, ஆயுள் முழுக்க அங்கேயே நிற்கிறது. காரணம் எளிது. குழந்தைக்கு ஒவ்வொரு கிருமியும் புதிது. ஒவ்வொரு சளியும், ஒவ்வொரு தடுப்பூசியும், தரையில் கிடந்து வாய்க்குள் போகும் ஒவ்வொரு பொருளும் ஒரு புதுப் பாடம். அந்தப் பாடத்தைப் படித்து நினைவில் வைப்பவை லிம்போசைட்டுகள். அவற்றில் ஒரு வகையைப் பயிற்றுவிக்கும் தைமஸ் என்ற உறுப்பு, மார்பெலும்புக்குப் பின்னால் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில்தான் உடலளவோடு ஒப்பிட மிகப் பெரிதாக இருக்கிறது. இரண்டு வயதில் சராசரி லிம்போசைட் சதவீதமே 59. உங்கள் மகளுக்கு 58.

உங்கள் லேப் சதவீதத்தை மட்டும் தந்திருக்கிறது. சதவீதம் ஒரு பங்கீடுதான்; ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும், இரண்டுக்கும் தனித்தனியாக நோய் இருக்க வேண்டியதில்லை. ஆகவே அதை எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். 13,400-இல் 58 சதவீதம் என்றால் 7,772 லிம்போசைட்டுகள். இரண்டு வயதுக்கு 3,000 முதல் 9,500 வரை இயல்பு. 13,400-இல் 34 சதவீதம் என்றால் 4,556 நியூட்ரோபில்கள். இதற்கு 1,500 முதல் 8,500 வரை இயல்பு. இரண்டும் வசதியாக உள்ளே இருக்கின்றன. வைரஸ் சளி வந்திருந்த குழந்தைக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

இந்த எண்களை வைத்து ஆன்டிபயாட்டிக் கேட்க இடமில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மருந்து இல்லாமலேயே காய்ச்சல் விட்டுவிட்டது என்பது எந்த எண்ணையும்விடப் பலமான சான்று.

நீங்கள் படித்த அந்த நோய்

ரத்தப் புற்றுநோயில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், இந்த அறிக்கை ஏன் அதை ஒத்திருக்கவில்லை என்பது விளங்கும். எலும்பு மஜ்ஜையில் முதிராத அணுக்கள் களைபோல் மண்டி, மற்ற பயிர்களை வளரவிடாமல் நெருக்கிவிடுகின்றன. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட வகை அணுக்கள் சேர்ந்தே சரிகின்றன: ஹீமோகுளோபின் ஏழு எட்டுக்குப் போகும், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கும், நியூட்ரோபில் ஆயிரத்தைத் தொடாமல் நிற்கும். மொத்த வெள்ளை அணுக்கள் கூடவும் கூடும், குறையவும் கூடும், இயல்பாகவும் இருக்கும் என்பதால் அந்த ஓர் எண்ணால் நோயைக் கண்டுபிடிக்கவோ தள்ளிவிடவோ முடியாது. ரத்தத்தை ஒரு கண்ணாடித் துண்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையில்தான் முதிராத அணுக்கள் கண்ணில் படும். உங்கள் மகளுக்கு நியூட்ரோபில் நாலாயிரத்து ஐநூறுக்கு மேல். பிளேட்லெட் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடியிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காரணம் தெரியாத காய்ச்சல், அடிபடாமலே உடலில் தோன்றும் நீலத் தழும்புகள் அல்லது சிவப்புப் புள்ளிகள், நடக்க மறுக்கும் அளவுக்குக் கால் வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் கழுத்துக் கட்டி, மேடாகத் தெரியும் வயிறு, கூடிக்கொண்டே போகும் வெளிறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தடித்த எழுத்து இல்லாத இடத்திலும் தவறு இருக்கலாம்

பெரியவர்களின் எல்லை வீண்பயத்தை மட்டும் தருவதில்லை; சில நேரம் பொய்யான நிம்மதியையும் தரும். மழைக்காலம் முடிந்து சென்னையில் டெங்கு பரவும் வாரங்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்றாம் நாள் காய்ச்சலில் வெள்ளை அணுக்கள் 4,300 என்று வரும். அச்சிட்ட எல்லை 4,000-இல் தொடங்குவதால் எழுத்து மெலிதாகவே இருக்கும். பெற்றோரும் "நார்மல்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வயதுக்கு 6,000-க்குக் கீழே என்பது குறைவு, அதுவும் டெங்குவில் பிளேட்லெட் இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் இறங்கத் தொடங்குகிற எண் இதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஏமாந்தேன். ஐந்து மாதக் குழந்தை, திரும்பத் திரும்ப நிமோனியா. லிம்போசைட் 1,800. தாளில் குறி எதுவும் இல்லை, நானும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அந்த வயதில் நாலாயிரமாவது இருக்க வேண்டும் என்பதும், இது பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலையின் அறிகுறி என்பதும் எனக்கு மூத்த மருத்துவர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து குழந்தையின் அறிக்கையில் வலது ஓரப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

நீங்கள் எழுதாத இரண்டு வரிகள்

அப்படி மறைத்துக்கொண்டு உங்கள் தாளைப் படித்தபோது என் கண் நின்ற இடம் எம்சிவி 69, ஆர்டிடபிள்யூ 17.2 என்ற இரண்டு வரிகள். எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். உங்கள் லேப் இதற்கு 83 முதல் 101 வரை என்று எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைப்படி இந்த வயதில் நல்ல நிலையில் இருக்கும் குழந்தையும், அதாவது 78 உள்ள குழந்தையும், குறையுள்ளவளாகவே தெரிவாள். அதனால்தான் இந்த வரியின் தடித்த எழுத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. குழந்தைகளுக்கு நாங்கள் மனக்கணக்காக வைத்திருப்பது இதுதான்: 70-உடன் வயதைக் கூட்டினால் கிடைப்பது கீழ் எல்லை. உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 72. அவளுக்கு இருப்பது 69. குழந்தையின் அளவுகோலிலும் இது குறைவு.

ஆர்டிடபிள்யூ என்பது அணுக்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்வது. 14-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 17.2 ஆகியிருக்கிறது. அதாவது முன்பு செய்த பெரிய அணுக்களும், இப்போது இரும்பு போதாமல் செய்யும் சிறிய அணுக்களும் கலந்து ஓடுகின்றன. அணு சிறுத்திருப்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணம், ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும், பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா கூறு. இரண்டையும் முதல் பார்வையில் பிரிக்க எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுப்போம். உங்கள் தாளில் சிவப்பணு எண்ணிக்கை 4.6 மில்லியன்; 69-ஐ 4.6-ஆல் வகுத்தால் 15. பதின்மூன்றுக்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே என்றால் தலசீமியாவின் பக்கம் சாயும். இது சாய்வுதான், தீர்ப்பு அல்ல. பிளேட்லெட் 4.6 லட்சமாக ஏறியிருப்பதும் இரும்புக் குறைவோடு ஒத்துப்போகிறது. அண்மைக் காய்ச்சலும் அதை ஏற்றும்.

இந்தக் கதையின் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. பிறப்பில் சேர்த்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்தபின், நாளுக்கு ஏழெட்டு மில்லிகிராம் இரும்பு உணவிலிருந்து வர வேண்டும். நான்கைந்து பாட்டில் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பால். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இருப்பதிலும் சிறு பங்கே உடலில் சேரும். பாலிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சேரவிடாமல் தடுக்கும். இவ்வளவு பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோறு எங்கே இறங்கும்? சோறு இறங்காததால் பால் கொடுக்கிறோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் பால் குடிப்பதால்தான் சோறு இறங்குவதில்லை.

இனி என்ன செய்வது

பாலை நாளுக்கு 400 மில்லிக்குக் குறையுங்கள். பாட்டிலை விட்டுத் தம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். முதல் நான்கைந்து நாள் வீடு இரண்டுபடும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பசி வந்த குழந்தைக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி, மீன் ஆகியவற்றை நன்றாக வேகவைத்து, மசித்துச் சோற்றோடு கொடுக்கலாம். அசைவ இரும்புதான் எளிதில் சேரும். சைவம் என்றால் பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை இவற்றோடு எலுமிச்சைச் சாறு அல்லது கொய்யா சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். உங்கள் மாமியார் சொல்லும் மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. கறி விஷயத்தில் பழைய தலைமுறை சுவரொட்டியைத் தேடியது சரியான கணிப்பு என்று அவரிடம் சொன்னால் சமாதானமாவார்.

கர்ப்பகால மாத்திரையைப் பொடிக்க வேண்டாம். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் இருக்கலாம், 100-உம் இருக்கலாம். பாதி என்று நீங்கள் உடைப்பது பாதியாக இருப்பதில்லை. அதைவிடப் பெரிய கவலை அந்த டப்பா எங்கே இருக்கிறது என்பது. எடை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனாலே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம். பத்தரைக் கிலோக் குழந்தைக்கு அது 210 மில்லிகிராம், அதாவது 60 மில்லிகிராம் மாத்திரை நான்குகூட வேண்டாம். மிட்டாய் போலப் பளபளக்கும் மாத்திரையை இந்த வயதில் எல்லாக் குழந்தையும் வாயில் போடும். இன்றே அதை அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

அவளுக்கு உரிய மருந்து குழந்தைகளுக்கான இரும்புச் சொட்டு அல்லது சிரப். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி தடுப்பு சிரப்பை அரசுத் திட்டத்தில் தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். குறைவு உறுதியானால் தரும் சிகிச்சை அளவு வேறு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்கு முப்பதை ஒட்டி. புட்டியில் இரும்பு உப்பின் எடை ஒன்றும், அதிலுள்ள தனி இரும்பின் எடை ஒன்றும் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். கணக்கு இரண்டாவதில்தான் போட வேண்டும் என்பதால், எத்தனை மில்லி என்பதை மருத்துவரே சீட்டில் எழுதித் தரட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனை செய்யலாம். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் ஆனபின் செய்யுங்கள். ஏனெனில் காய்ச்சலில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். உடலில் அழற்சி இல்லாதபோது 12-க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. அழற்சி இருந்தால் 30-க்குக் கீழே இருப்பதையே குறைவாக எடுத்துக்கொள்வோம். இதற்காகவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் கூடவே பார்க்கச் சொல்வோம். அதே ரத்தத்தில் ஸ்மியரும் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் மனதில் மிச்சமிருக்கும் பயமும் அதோடு போகும். பணம் தடையாக இருந்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்லலாம். எந்த லேபுக்குப் போனாலும், பதிவு செய்யும் மேசையில் வயதை "ஒன்று" என்று விடாமல் ஒரு வயது எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லி, குழந்தைகளுக்கான எல்லையோடு அச்சிடுவார்களா என்று கேளுங்கள்.

ஃபெரிட்டின் பார்க்காமலேயே மருத்துவர் சிரப்பைத் தொடங்கினாலும் அது தவறல்ல. மருந்துக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதே ஒரு பரிசோதனைதான். நான்கு வாரம் ஒழுங்காகக் கொடுத்தபின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் ஏறி 11.8-ஐ ஒட்டி வந்தால் குறைந்தது இரும்புதான் என்று பொருள். அதன்பிறகும் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவில்லை என்றால், மருந்து உண்மையில் உள்ளே போகிறதா, பால் உண்மையில் குறைந்ததா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எம்சிவி 69-லேயே நின்றால், சிரப்பைக் கூட்டிக்கொண்டே போகாமல் தலசீமியாவுக்கான எச்பிஎல்சி பரிசோதனைக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். அப்போது உங்கள் இருவருடைய ரத்தத்தையும் கூடவே பார்க்க வேண்டியிருக்கும்.